ஒப்பந்தக்காரரின் ஆள், வேறொருவரின் இடம்: விபத்தை இரு தரப்புக்கும் அறிவிக்கும் முழுமையான வழிகாட்டி

தம்பலகாமம் பக்கத்தில் ஓர் அரிசி ஆலை. அதன் நெல் களஞ்சியத்தின் கூரையில் பழைய ஆஸ்பெஸ்டோஸ் தகடுகளைக் கழற்றிப் புதியவை போடும் வேலையைத் திருகோணமலை மாவட்டத்து ஒப்பந்தக்காரர் ஒருவர் எடுத்திருந்தார். நான் அவருடைய மேற்பார்வையாளர். ஒரு செவ்வாய்க்கிழமை காலை 10.40 அளவில், மூதூரைச் சேர்ந்த 26 வயதுத் தம்பி ஒருவர் கூரையில் ஓர் அடி எடுத்து வைத்தார். அவர் கால் பட்டது வெளிச்சத்துக்காக இடையில் போட்டிருந்த பிளாஸ்டிக் தகட்டில். அது பல வருட வெயிலில் முறுகி, மேலே உமித் தூசி படிந்து, பக்கத்துத் தகடுகளின் நிறத்துக்கே வந்துவிட்டிருந்தது. கீழே பதினைந்து அடியில் சீமெந்துத் தரை. இரண்டு பாதங்களும் முதலில் தரையைத் தொட, அப்படியே பக்கவாட்டில் சாய்ந்துவிட்டார்.

பத்து நிமிடத்துக்குள் இரண்டு தொலைபேசி அழைப்புகள். ஆலை முகாமையாளர் ஒப்பந்தக்காரரிடம் சொன்னது: “உங்கள் ஆள் விழுந்துவிட்டார், வந்து கொண்டுபோங்கள்.” ஒப்பந்தக்காரர் என்னிடம் கேட்டது: “ஆலைக்காரர் எழுதிக்கொள்வார்கள்தானே தம்பி?” எழுத வேண்டியது மற்றவர் என்று இருவரும் நினைத்தார்கள். நானும் அப்படியே நினைத்தேன். வெள்ளிக்கிழமை வரை ஒரு துண்டுக் கடதாசிகூட எழுதப்படவில்லை. அந்த மூன்று நாள் மௌனத்தைச் சரிசெய்ய எங்களுக்குப் பல மாதங்கள் பிடித்தன. அப்போது செய்த பிழைகளையும் அவற்றிலிருந்து படித்துக்கொண்ட ஒழுங்கையும் சேர்த்தே இதை எழுதுகிறேன். மேற்பார்வையாளருக்கு, பாஸுக்கு, காயப்பட்டவரின் வீட்டாருக்கு என்று எல்லோருக்கும் இது பொருந்தும்.

ஏன் இரண்டு பேருக்கும்

இலங்கையில் இந்த விடயத்தில் இரண்டு பழைய சட்டங்கள் குறுக்கிடுகின்றன. ஒன்று 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம். அது இடத்தைப் பார்க்கிறது. மற்றது 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம். அது வேலைக்கு வைத்தவரைப் பார்க்கிறது.

முதலாவதின்படி, தொழிற்சாலையில் விபத்து நடந்து ஒருவர் இறந்தாலோ, அல்லது தாம் செய்துவந்த வேலையைச் செய்து முழுச் சம்பளம் உழைக்க முடியாமல் மூன்று நாளுக்கு மேல் முடங்கினாலோ, அந்த இடத்தை நடத்துபவர் தொழிற்சாலைப் பரிசோதனைப் பொறியியலாளருக்கு எழுத்தில் அறிவிக்க வேண்டும். விழுந்தவர் தம் ஆளா, வெளி ஆளா என்ற கேள்விக்கே அங்கு இடமில்லை. ஆனால் வெளி ஆளென்றால் இன்னொரு கடமையும் சேர்கிறது. உண்மையான தொழில் தருநர், அதாவது ஒப்பந்தக்காரர், விபத்தை இடத்தை நடத்துபவருக்கு உடனடியாகத் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காவிட்டால் அது அவருடைய குற்றம். “அவர்கள் இடத்தில்தானே விழுந்தார், அவர்களுக்குத் தெரியாதா” என்பது மறுமொழி ஆகாது.

இரண்டாவது சட்டத்தில் நட்டஈடு கொடுக்க வேண்டியவர் முதலில் ஒப்பந்தக்காரர். தொழிலாளி விபத்தைப் பற்றிய அறிவித்தலை அவருக்கு, முடிந்தளவு சீக்கிரமாகக் கொடுக்க வேண்டும். அந்த அறிவித்தலில் இருக்க வேண்டியது மிகக் கொஞ்சம்தான்: பெயரும் முகவரியும், எப்படிக் காயப்பட்டார் என்பது சாதாரண மொழியில், நடந்த திகதி. சட்டத்தரணியின் நடையெல்லாம் தேவையில்லை.

ஆக, ஒருவருக்கு மட்டும் சொன்னால் பாதிக் கதவுதான் திறக்கும். ஒப்பந்தக்காரருக்கு மட்டும் சொன்னால் இடத்துக்காரர் பரிசோதகருக்கு எழுதமாட்டார், உடைந்த தகட்டை அடுத்த நாளே அள்ளி எறிந்துவிடுவார். இடத்துக்காரருக்கு மட்டும் சொன்னால் ஒப்பந்தக்காரர் பிறகு “எனக்கு அறிவிக்கவில்லை” என்பார். வேறு வழியில் அவருக்குத் தெரிந்திருந்தது என்று காட்ட முடிந்தால் சட்டம் அந்தச் சாட்டை ஏற்பதில்லை. ஆனால் அதைக் காட்டும் சுமை உங்கள் தலையில் வந்துவிடும்.

முதல் மணி நேரம்

உயரத்திலிருந்து விழுந்தவரைக் கைபிடித்துத் தூக்கி நிறுத்தக் கூடாது. எங்கள் ஆட்கள் அதைத்தான் செய்தார்கள். இரண்டு பேர் அக்குளில் கை கொடுத்துத் தூக்க, தம்பி அலறியதும் மறுபடி கீழே விட்டார்கள். தலையும் கழுத்தும் அசையாமல் ஒருவர் பிடித்துக்கொள்ள, மற்றவர் 1990க்கு அழைக்க வேண்டும். சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். ஓட்டோவில் மடித்து உட்காரவைத்துக் கொண்டுபோவதை விட அதற்குக் காத்திருப்பது நல்லது. மூச்சோ இரத்தமோ ஆபத்தாக இருந்தால் அது வேறு கணக்கு.

விழுந்தவிதத்தை அங்கேயே நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். எவ்வளவு உயரம், உடம்பின் எந்தப் பாகம் முதலில் தரையைத் தொட்டது என்பவை முக்கியம். பாதத்தில் இறங்கியவருக்குக் குதிகால் எலும்பு உடைவதோடு இடுப்பு முதுகெலும்பும் நசுங்குவது உண்டு. குதிகாலின் வலி பெரிதாக இருப்பதால் முதுகை யாரும் கேட்கமாட்டார்கள். எங்கள் தம்பிக்கும் முதல் நாள் கால்களை மட்டும்தான் படம் எடுத்தார்கள். “பதினைந்து அடி, இரண்டு பாதத்தில் இறங்கினார்” என்ற ஒரு வசனத்தைக் கூடப்போனவர் வைத்தியரிடம் சொல்லியிருந்தால் முதுகையும் அன்றே பார்த்திருப்பார்கள்.

அம்புலன்ஸ் போனதும் வேலையை நிறுத்துங்கள். ஏணியைக் கழற்றிவிட்டு, கீழே விழுந்த துண்டுகளைச் சுற்றிக் கயிறு கட்டுங்கள். கூட்டவும் வேண்டாம், நகர்த்தவும் வேண்டாம். ஆஸ்பெஸ்டோஸ் தூசி இருக்கும் இடமென்றால் அதற்கு இன்னொரு காரணமும் உண்டு: அந்தத் தூசி மூச்சில் போகக் கூடாது.

வைத்தியசாலையில் சொல்லும் முதல் வசனம்

இதற்கு நான் அதிக இடம் கொடுக்கிறேன், ஏனென்றால் பெரும்பாலான வழக்குகள் கெடுவது இந்த இடத்தில்தான்.

மாவட்டப் பொது வைத்தியசாலையில் அனுமதிக்கும்போது “என்ன நடந்தது?” என்று கேட்பார்கள். சொல்லும் பதில் அனுமதிச் சீட்டில் ஏறும். அங்கிருந்து கட்டில் சீட்டுக்குப் போய், வீடு திரும்பும்போது கொடுக்கும் நோய் விவர அட்டை வரை அது தொடரும். வேலைத்தள விபத்தென்றால் வைத்தியசாலைப் பொலிஸ் பிரிவும் வாக்குமூலம் எடுக்கும். எங்கள் ஆளுடன் போன உறவுக்காரப் பையனிடம் ஒப்பந்தக்காரரின் கணக்குப்பிள்ளை தொலைபேசியில் சொல்லியிருக்கிறார்: “பொலிஸ் பிரச்சினை வேண்டாம் தம்பி, வீட்டில் மாமரத்திலிருந்து விழுந்தார் என்று சொல்லும். செலவெல்லாம் நாங்கள் பார்ப்போம்.” பையன் அப்படியே சொன்னான். அந்த மாமரம் சீட்டில் ஏறிவிட்டது.

இப்படிச் சொல்லச் சொல்பவர் கெட்டவராக இருக்க வேண்டியதில்லை. பொலிஸ் என்றதும் வேலை நின்றுவிடும், அடுத்த கொந்தராத்து கிடைக்காது என்ற பயம் அவருக்கு. ஆனால் மாமரம் எழுதப்பட்ட பிறகு நட்டஈட்டு ஆணையாளர் முன் நிற்கும்போது, எதிர்த்தரப்பு சட்டத்தரணி எடுக்கும் முதல் கடதாசி அதுதான்.

பிழையாகச் சொல்லியாகிவிட்டால் என்ன செய்வது? அதே நாளில், முடியாவிட்டால் அடுத்த நாள் காலை வைத்தியர் வார்டுக்கு வரும்போது, காயப்பட்டவரே தன் வாயால் திருத்த வேண்டும்: “நேற்று கூட வந்தவர் பயத்தில் வேறு சொல்லிவிட்டார். நான் அரிசி ஆலைக் கூரையில் வேலை செய்யும்போது விழுந்தேன்.” அதைக் கட்டில் சீட்டில் குறித்துக்கொள்ளச் சொல்லிக் கேளுங்கள். பிறகு பொலிஸ் பிரிவிலும் அதையே சொல்லி வாக்குமூலம் கொடுங்கள். பொலிஸ் தரும் படிவத்துடன் சட்ட வைத்திய அதிகாரி பரிசோதித்தால் காயத்தின் தன்மையும் பதிவாகும். எங்கள் தம்பி வியாழக்கிழமைதான் திருத்தினார். இரண்டு நாள் பிந்தியது. ஆனாலும் திருத்தியதுதான் பிறகு அவரைக் காப்பாற்றியது.

வைத்தியசாலைக்குப் போகிறவர் யாராக இருந்தாலும் ஒரு வசனத்தை மனப்பாடம் செய்துகொண்டு போகட்டும்: எங்கே, என்ன வேலை செய்யும்போது, எவ்வளவு உயரத்திலிருந்து, உடம்பின் எந்தப் பாகம் அடிபட்டது. அதற்கு மேல் எதுவும் வேண்டாம்.

படமும் பெயரும்

அறிக்கை எழுத உட்காருமுன் இருபது நிமிடம் இதற்குச் செலவிடுங்கள். முதலில் தூரத்திலிருந்து முழுக் களஞ்சியமும் தெரிய ஒரு படம். பிறகு கூரையில் ஓட்டையும் அதற்கு நேர் கீழே தரையும் ஒரே சட்டத்தில் வர ஒன்று. கடைசியில் உடைந்த துண்டுக்கு அருகில். துண்டின் பக்கத்தில் அளவு நாடாவை விரித்து வையுங்கள். வெளிச்சத் தகட்டின் தூசியை ஒரு மூலையில் மட்டும் விரலால் துடைத்துவிட்டு மறுபடி எடுங்கள். துடைத்த இடத்தில் மஞ்சள் பிளாஸ்டிக்கும் துடைக்காத இடத்தில் சாம்பல் நிறமும் தெரியும். தம்பி ஏன் அதைத் தகடென்று நினைத்தார் என்பதற்கு அந்த ஒரு படத்தை விடப் பெரிய சாட்சி கிடையாது. நான் கடைசிப் படத்தை எடுக்கவில்லை. ஆலையில் நெல் தூக்கும் நாட்டாமை ஒருவர் தன் கையடக்கத் தொலைபேசியில் எடுத்து வைத்திருந்தது எங்கள் அதிர்ஷ்டம்.

இல்லாதவற்றையும் படமாக்குங்கள். கூரையில் நடக்கும் பலகை போடப்பட்டிருந்ததா? கீழே வலை இருந்ததா? பாதுகாப்புப் பட்டியை மாட்ட ஏதாவது கயிறு இழுத்திருந்ததா? எங்கள் கூரையில் இவை மூன்றும் இருக்கவில்லை.

பிறகு பெயர்கள். விழும்போது நேரில் கண்டவர்கள், சத்தம் கேட்டு வந்தவர்கள் என்று பிரித்து எழுதுங்கள். இரண்டும் ஒன்றல்ல. ஒப்பந்தக்காரரின் ஆட்கள் மட்டுமல்லாமல் ஆலையின் ஆட்களும் அதில் இருக்க வேண்டும். வேலைக்கு வந்தவர்களின் பெயர் பதியும் அன்றைய செக்ரோலையும் ஆலை வாயில் பதிவேட்டில் உங்கள் ஆட்கள் உள்ளே வந்த பக்கத்தையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். நாள்கூலிக்காரருக்குச் சம்பளச் சீட்டு இருக்காது. அவர் அன்று அங்கே வேலை செய்தார் என்பதற்கும் அவருடைய நாள் சம்பளம் எவ்வளவு என்பதற்கும் இந்தப் பக்கங்கள்தான் ஆதாரம். நட்டஈடு சம்பளத்தை வைத்தே கணக்கிடப்படுகிறது என்பதால், முற்பணம் கொடுத்த கொப்பியும் பெறுமதியானது.

அறிக்கை: ஒரே உண்மை, இரண்டு முகவரி

அறிக்கையை ஒரே மூச்சில் ஒருமுறை எழுதி, இரண்டு பேருக்கும் ஒரே வாசகத்தைக் கொடுங்கள். இருவருக்கும் தனித்தனியாக எழுதப்போனால் உங்களை அறியாமலே கதை மாறும். ஒப்பந்தக்காரருக்கு எழுதும்போது ஆலையின் தகட்டில் பிழை என்பீர்கள். ஆலைக்கு எழுதும்போது தம்பியின் கவனயீனம் என்பீர்கள். பிறகு இரண்டு கடதாசியையும் ஒரே மேசையில் வைப்பார்கள்.

“கவனயீனம்” என்ற சொல்லையே எழுதாதீர்கள். அது கண்ட விடயம் அல்ல, தீர்ப்பு. நட்டஈட்டுச் சட்டத்தில், குடிபோதையால் நடந்த விபத்து, பாதுகாப்புக்காக வெளிப்படையாகக் கொடுத்த கட்டளையை வேண்டுமென்றே மீறியதால் நடந்த விபத்து, பாதுகாப்புக் கருவியை வேண்டுமென்றே கழற்றியதால் நடந்த விபத்து போன்றவற்றில்தான் தொழில் தருநர் விலகிக்கொள்ள முடியும். மரணம் நேர்ந்தால் அந்த விலகலும் இல்லை. சாதாரணக் கவனக்குறைவு இந்தப் பட்டியலில் இல்லை. ஆனால் முதல் அறிக்கையில் “சொல்லியும் கேட்காமல் போனார்” என்று யாராவது எழுதிவிட்டால், அது கட்டளை மீறலாகத் திரிக்கப்படும். அப்படி ஒரு கட்டளை உண்மையிலேயே கொடுக்கப்பட்டிருந்தால், யார், எத்தனை மணிக்கு, என்ன சொற்களில் கொடுத்தார் என்று எழுதுங்கள். கொடுக்கவில்லையென்றால் எழுதாதீர்கள்.

நான் இப்போது பயன்படுத்தும் வடிவம் இதுதான். அன்றைய விபத்தையே உதாரணமாக வைத்து எழுதுகிறேன்:

> பெறுநர்: (1) ஒப்பந்தக்காரர். (2) ஆலை முகாமையாளர்.
>
> செவ்வாய்க்கிழமை காலை ஏறக்குறைய 10.40 மணிக்கு, தங்கள் ஆலையின் நெல் களஞ்சியக் கூரையில் தகடு மாற்றும் வேலை நடக்கும்போது, (1) இன் கீழ் நாள்கூலிக்கு வேலை செய்யும் (பெயர், வயது, அடையாள அட்டை இலக்கம், முகவரி) கூரையின் வடக்குச் சரிவில் இருந்த பிளாஸ்டிக் வெளிச்சத் தகட்டின் மேல் கால் வைத்தார். தகடு உடைந்து, ஏறக்குறைய 15 அடி கீழே சீமெந்துத் தரையில் இரு பாதங்களும் முதலில் படும்படி விழுந்தார். இரு குதிகால்களிலும் கடும் வலி என்று சொன்னார். 1990 அம்புலன்ஸ் மூலம் திருகோணமலை மாவட்டப் பொது வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லப்பட்டார்.
>
> விழும்போது கூரையில் நடைபலகையோ கீழே வலையோ இருக்கவில்லை. நேரில் கண்டவர்கள்: (பெயர்கள்). சத்தம் கேட்டு வந்தவர்கள்: (பெயர்கள்). இடம் கயிறு கட்டித் தொடாமல் வைக்கப்பட்டுள்ளது. படங்கள் இணைக்கப்பட்டுள்ளன.
>
> இந்த அறிவித்தல் மேற்குறித்த இருவருக்கும் ஒரே நாளில் கொடுக்கப்படுகிறது.
>
> (எழுதியவர் பெயர், பதவி, கையொப்பம், திகதி, நேரம்)

கடைசி வசனத்தைத் தவறவிடாதீர்கள். மற்றவருக்கும் இது போயிருக்கிறது என்று இருவருக்கும் தெரிந்தால், ஒருவர் மௌனமாக இருந்துவிடும் ஆசை குறையும்.

காயப்பட்டவரோ வீட்டாரோ தனியாக எழுதினாலும் இதே வடிவம் போதும். தமிழிலேயே எழுதலாம். யாராவது தங்கள் படிவத்தைச் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ நிரப்பிக் கையொப்பம் கேட்டால், தெரிந்த ஒருவர் வாசித்துச் சொல்லும் வரை கையொப்பமிட வேண்டாம்.

கையில் சேர்ப்பது

கண்டவுடன் தொலைபேசியில் சொல்லுங்கள், அது தேவைதான். அதற்குப் பிறகு ஒரு மணி நேரத்துக்குள் குறுஞ்செய்தியாகவும் அனுப்புங்கள். இரண்டு வரி போதும், நேரம் பதிவாகும். ஆனால் கையொப்பமிட்ட கடதாசி அன்றே போக வேண்டும். இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் “பெற்றுக்கொண்டேன்” என்று திகதி, நேரத்துடன் கையொப்பம் வாங்குங்கள்.

வாங்க மறுப்பார்கள். எங்கள் ஆலை முகாமையாளர் வெள்ளிக்கிழமை நான் நீட்டிய கடதாசியைக் கையில் தொடவேயில்லை. “இது நானாவின் பிரச்சினை, எங்களுடையது இல்லை” என்றார். நானா என்று அவர் சொன்னது கிண்ணியாவைச் சேர்ந்த எங்கள் ஒப்பந்தக்காரரை. நான் விவாதிக்காமல் வாயிலுக்கு வந்து, காவலாளியின் பதிவேட்டில் “விபத்து அறிவித்தல் கொடுக்க வந்தேன், முகாமையாளர் ஏற்கவில்லை” என்று நேரத்தோடு எழுதிவிட்டு, நேராகத் தபால் கந்தோருக்குப் போய்ப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். பற்றுச்சீட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. பதிவுத் தபால் செல்லுபடியான அறிவித்தல். அதைவிட, பற்றுச்சீட்டில் திகதி இருக்கிறது.

நான்காம் நாள்

மூன்று நாள் தாண்டும்போது இரண்டு விடயம் நடக்கும்.

முதலாவது, சிறு தந்திரம். “அவரை வேலைத்தளத்துக்குக் கொண்டுவந்து ஸ்டோரில் உட்காரவையுங்கள், செக்ரோலில் பெயர் விழட்டும்” என்பார்கள். அப்படிச் செய்தால் மூன்று நாள் முடங்கவில்லை என்று காட்டலாம், பரிசோதகருக்கு எழுதத் தேவையில்லை என்பது கணக்கு. சட்டம் பேசுவது அவர் செய்துவந்த வேலையைச் செய்து முழுச் சம்பளம் உழைக்க முடிகிறதா என்பதைத்தான். கூரைக்காரர் கதிரையில் உட்கார்ந்து ஆணி எண்ணுவது அவர் செய்துவந்த வேலை அல்ல. இந்தக் கோரிக்கை வந்தால் மறுத்துவிட்டு, வைத்தியர் கொடுத்த ஓய்வுச் சீட்டின் பிரதியை இருவருக்கும் அனுப்புங்கள்.

இரண்டாவது, காயம் பெரிதாகிறது. எங்கள் தம்பிக்கு வெள்ளிக்கிழமை முதுகு தாங்கவில்லை. படம் எடுத்தபோது இடுப்பு முதுகெலும்பு ஒன்றில் நசிவு தெரிந்தது. முதல் அறிக்கையில் குதிகால் மட்டும்தான் இருந்தது. இந்த நேரத்தில் முதல் கடதாசியைத் திருத்தி மறுபடி அச்சிட வேண்டும் என்று தோன்றும். செய்யாதீர்கள். அதை அப்படியே விட்டு, “மேலதிக அறிவித்தல்” என்று தலைப்பிட்டு மூன்று வரி எழுதி, மறுபடி இருவருக்கும் கொடுங்கள்: முன்னைய அறிவித்தலின் திகதி, புதிதாகத் தெரிந்த காயம், அது எந்த நாளில் எந்தப் பரிசோதனையில் தெரியவந்தது. காயப்பட்டவர் பின்னர் இறந்துவிட்டாலும் இதே வழிதான். அந்த மரணத்தையும் இடத்தை நடத்துபவர் தனியாக அறிவிக்க வேண்டும்.

இடத்துக்காரர் பரிசோதகருக்கு எழுதினாரா என்று கேளுங்கள். பிரதி காட்டச் சொல்லுங்கள். இல்லையென்றால் திருகோணமலைத் தொழில் அலுவலகத்துக்கு நீங்களே போய், இரண்டு அறிவித்தல்களையும் பற்றுச்சீட்டையும் காட்டி முறைப்பாடு கொடுக்கலாம். எங்கள் விடயத்தில் பொறியியலாளர் வந்து பார்த்தபோது கூரை முழுவதும் புதிய தகடு போட்டு முடிந்திருந்தது. உடைந்த துண்டு எதுவும் இல்லை. நாட்டாமையின் தொலைபேசிப் படத்தைப் பார்த்தே குறிப்பெழுதினார்.

பணம் யாரிடம்

ஒப்பந்தக்காரர் காசில்லை என்று கைவிரித்தால் இடத்துக்காரரிடம் கேட்க முடியுமா? எல்லோரும் கேட்கும் கேள்வி இது. பதில் வேலையின் தன்மையில் இருக்கிறது.

நட்டஈட்டுச் சட்டத்தில், ஒருவர் தம்முடைய வழமையான தொழிலின் ஒரு பகுதியை ஒப்பந்தக்காரரிடம் கொடுத்துச் செய்வித்தால், அந்த வேலையாளைத் தாமே வைத்திருந்தது போல அவரும் நட்டஈட்டுக்குப் பொறுப்பு. கொடுத்த தொகையைப் பிறகு ஒப்பந்தக்காரரிடம் அறவிட்டுக்கொள்ளலாம். நெல் மூட்டை ஏற்றி இறக்குவது அரிசி ஆலையின் அன்றாடத் தொழில். ஆகவே ஆள் பிடித்துக் கொடுப்பவர் மூலம் வந்த நாட்டாமையின் முதுகில் மூட்டை விழுந்தால், ஆலையிடமே நேராகக் கேட்க வலுவான இடம் உண்டு. கூரைத் தகடு மாற்றுவது அப்படி அல்ல. அது ஆலையின் தொழில் இல்லை என்று வாதிடுவார்கள், அந்த வாதத்தில் பலம் இருக்கிறது. எங்கள் தம்பியின் கோரிக்கை ஒப்பந்தக்காரருக்கு எதிராகவே போனது.

அதற்காக ஆலை முற்றாக விடுபட்டது என்று பொருளில்லை. உடையக்கூடிய தகடு எங்கே இருக்கிறது என்று தெரிந்தும் சொல்லாமல் விட்டிருந்தால் கவனயீனத்துக்காகச் சாதாரண நீதிமன்றத்தில் வழக்குப் போடலாம். ஆனால் ஒரு எச்சரிக்கை: தம் தொழில் தருநருக்கு எதிராக அதே காயத்துக்குச் சிவில் வழக்கும் நட்டஈட்டுக் கோரிக்கையும் இரண்டும் வைத்துக்கொள்ள முடியாது. எந்த வழி என்று முடிவெடுக்குமுன் சட்டத்தரணியைப் பாருங்கள். வசதியில்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவிடம் போகலாம். கோரிக்கைக்குக் காலக்கெடு உண்டு, ஆகவே கட்டுப் பிரியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

கோரிக்கை போவது கொழும்பிலுள்ள தொழிலாளர் நட்டஈட்டு ஆணையாளருக்கு. இரண்டு அறிவித்தல்களின் பிரதி, நோய் விவர அட்டை, செக்ரோல் படங்கள், பொலிஸ் முறைப்பாட்டின் பிரதி ஆகியவற்றை ஒரே கோப்பில் போட்டு வையுங்கள். மூலப் பிரதிகளை யாரிடமும் கொடுக்காதீர்கள்.

வெள்ளைக் கடதாசி

ஒரு மாதம் போல் கழித்து ஒருவர் வீட்டுக்கு வருவார். பெரும்பாலும் தெரிந்த முகமாக இருக்கும், பழப் பையும் கொண்டுவருவார். எங்கள் தம்பியின் வீட்டுக்கு வந்தவர் 75,000 ரூபாயும் ஒரு கடதாசியும் கொண்டுவந்தார். “இனி எவ்வித உரிமையும் கோரமாட்டேன்” என்று அதில் அச்சிட்டிருந்தது. தம்பியின் தாய் என்னைத் தொலைபேசியில் அழைத்து, “மகனே, காசை வாங்கவா, விடவா?” என்று கேட்டார்.

சட்டப்படியான நட்டஈட்டு உரிமையை விட்டுக்கொடுக்கும் ஒப்பந்தம் செல்லாது. இரு தரப்பும் தொகையில் உண்மையாகவே உடன்பட்டால் அந்த உடன்படிக்கை ஆணையாளரிடம் பதிவாக வேண்டும். தொகை போதாது என்று கண்டால் அவர் பதிய மறுக்கலாம். மரணம் நேர்ந்தால் பணத்தை வீட்டார் கையில் கொடுக்கவே கூடாது, ஆணையாளரிடம் வைப்பிட வேண்டும். ஆகவே அந்தத் தாயிடம் சொன்னது இதுதான்: செலவுக்கு என்று தருவதை வாங்கலாம், ஆனால் “வைத்தியச் செலவுக்கு முற்பணமாகப் பெற்றேன்” என்று நீங்களே எழுதிக் கையொப்பமிட்டுக் கொடுங்கள், அவர்கள் கடதாசியில் கைவைக்காதீர்கள்.

வந்தவருக்கு அது பிடிக்கவில்லை. பணத்தைத் திருப்பி எடுத்துக்கொண்டு போனார். இரண்டு நாள் கழித்து ஒப்பந்தக்காரரே நேரில் வந்தார். பழைய கடதாசி இல்லாமல் வந்து, தாய் தன் கையால் எழுதிய முற்பணச் சீட்டை வாங்கிக்கொண்டு 75,000 ரூபாயையும் கொடுத்துவிட்டுப் போனார். கோரிக்கை தீர்ந்தபோது அந்தத் தொகையைக் கழித்துக்கொண்டார்கள். அதற்கும் அந்தச் சீட்டுத்தான் கணக்காக இருந்தது.